வணக்கம், நமஸ்தே: யாரிடம் எது ஒட்டும்?

கேள்வி: வணக்கமும் நமஸ்தேவும் ஒன்றுதானா? எது எங்கிருந்து வந்தது? யாரிடம் எதைச் சொன்னால் இயல்பாக இருக்கும்?

பொருளில் இரண்டும் கிட்டத்தட்ட ஒன்றுதான், குனிவது. வணங்கு என்றால் வளை, தாழ். இணங்கு இணக்கம் ஆவது போல, அடங்கு அடக்கம் ஆவது போல வணங்கு வணக்கம் ஆகிறது. நமஸ்தே வடமொழி. நமஸ் என்பது வணக்கம், தே என்பது உனக்கு. யஜுர் வேதத்தில் வரும் ஸ்ரீருத்ரம் 'நமஸ்தே ருத்ர' என்றுதான் தொடங்கும். சிவன் கோயில் அபிஷேகத்தில் நின்றவர்கள் கேட்டிருப்பார்கள்.

அந்த 'உனக்கு' இருக்கிறதே, அதில்தான் ஒரு வித்தியாசம். நமஸ்தேக்குள் எதிரில் நிற்பவர் ஏற்கெனவே இருக்கிறார். வணக்கத்துக்குள் யாரும் இல்லை, அது வெறும் பெயர்ச்சொல். அதனால்தானோ என்னவோ, எங்கள் பக்கம் நேரில் பார்க்கும்போது அதை மொட்டையாகச் சொல்வது குறைவு. வணக்கம்ணே, வணக்கம்மா, வணக்கம் சார் என்று ஒரு முறைப்பெயரோ மரியாதையோ பின்னால் வந்துவிடும். மொட்டை வணக்கம் மேடைக்கும் டிவி செய்திக்கும் சரி. இலக்கணப்படி 'தே' ஒருமை, ஆனால் இன்றைக்கு அது யார் காதிலும் விழுவதில்லை. மரியாதை வேண்டுமென்றால் இந்திக்காரர்கள் ஒரு 'ஜி' சேர்த்துக்கொள்கிறார்கள்.

வணக்கம் என்ற சொல் பழையது. திருக்குறளில் கூடா நட்பு அதிகாரத்தில், 827ஆவது குறளில் வருகிறது: 'சொல்வணக்கம் ஒன்னார்கண் கொள்ளற்க வில்வணக்கம் தீங்கு குறித்தமை யான்.' பகைவன் பணிவாகப் பேசினால் நம்பாதே, வில் வளைவது அம்பு விடத்தான் என்கிறார். (தேர்தல் சமயத்தில் ஜீப்பில் கைகூப்பியபடி வருபவர்களைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு இந்தக் குறள் ஞாபகம் வரும்.) ஆனால் இங்கே வணக்கம் என்பது பணிவு, வளைவு. ஆளைப் பார்த்ததும் வாயால் சொல்லும் முகமனாக அது எல்லோருக்கும் பொதுவானது வெகு பின்னால்.

நூறு வருஷத்துக்கு முன் மேடையிலும் கடிதத்திலும் நமஸ்காரம்தான் அதிகம். மறைமலை அடிகள் 1916இல் தனித்தமிழ் இயக்கத்தைத் தொடங்கினார், பின்னால் திராவிட இயக்கம் மேடைத் தமிழையே மாற்றியது. அக்கிராசனர் தலைவர் ஆனார், வந்தனோபசாரம் நன்றியுரை ஆனது, நமஸ்காரம் வணக்கம் ஆனது. இதை வெறும் மொழிபெயர்ப்பு என்று நான் நினைக்கவில்லை. ஊர்ப்பக்கம் 'கும்பிடுறேன் சாமி' என்று ஒருவர் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு சொல்வார், மற்றவர் தலையை மட்டும் ஆட்டுவார். அது ஒருவழிப் பாதை. வணக்கம் என்று சொன்னால் வணக்கம் என்றே பதில் வந்தாக வேண்டும். மாறியது அதுதான்.

நமஸ்தேக்கும் இதே மாதிரி ஒரு கதை உண்டு. வடக்கே ராம் ராம், பிரணாம், ஆதாப் என்று, ஒருவர் வாயைத் திறந்ததுமே மதமும் அந்தஸ்தும் தெரிந்துவிடும். 1875இல் பம்பாயில் தொடங்கிய ஆரிய சமாஜம் சாதி பார்க்காமல் எல்லோரும் ஒருவருக்கொருவர் நமஸ்தே சொல்ல வேண்டும் என்று பரப்பியது. ஆக, வேதத்தில் இருந்த சொல் தெருவுக்கு வந்ததில் ஒரு சீர்திருத்த இயக்கத்துக்குப் பெரிய பங்கு இருக்கிறது.

இப்போது இயல்புக்கு வருவோம். நான் கணக்கு எழுதுகிற கடை சௌகார்பேட்டையில், தங்கசாலைத் தெருவை ஒட்டிய சந்தில். காலையில் ஷட்டர் ஏறும்போது எங்கள் சேட்டு பக்கத்துக் கடைக்காரரிடம் சொல்வது 'ராம் ராம் சா'. ஜைனர் யாராவது வந்தால் 'ஜெய் ஜினேந்திரா'. எதிர்க்கடை குஜராத்திக்காரரிடம் 'ஜெய் ஸ்ரீகிருஷ்ணா'. மூட்டை இறக்கும் ஆட்களிடம் 'இன்னா நைனா, சாப்ட்டியா?' வழக்கமான தமிழ் வாடிக்கையாளரிடம் 'வாங்கண்ணே, உக்காருங்க'. சௌகார்பேட்டை என்றாலே நமஸ்தே என்று நினைப்பவர்கள் ஒரு அரை நாள் அந்தக் கல்லாப் பக்கம் உட்கார்ந்து பார்க்க வேண்டும்.

அப்புறம் நமஸ்தே எப்போது வரும்? டெல்லியிலிருந்தோ லூதியானாவிலிருந்தோ ஒரு கம்பெனி ஆள் முதல்முறை வருகிறார், என்ன சமூகம் என்று தெரியாது. அவருக்குத்தான் நமஸ்தே ஜி. வணக்கம்? வார்டு கவுன்சிலர் வந்தால், வரி ஆபீசிலிருந்து ஆள் வந்தால், சேட்டு எழுந்து நின்று கைகூப்பி அழகாக 'வணக்கம் சார்' என்பார். உறவும் முறையும் இன்னும் முடிவாகாத இடத்துக்குத்தான் இந்த இரண்டு சொல்லும். வண்ணாரப்பேட்டையில் எங்கள் தெருவில் கூட்டாளியைப் பார்த்து வணக்கம் சொன்னால் 'ஏன்டா, எதுனா கடன் வோணுமா?' என்று கேட்பான். சம்பந்தி வீட்டாருக்கு, கல்யாண மண்டப வாசலில் வரவேற்கும்போது, பிள்ளையின் வாத்தியாருக்கு, வணக்கம் கச்சிதமாகப் பொருந்தும்.

கிளம்பும்போதும் ஒரு வேறுபாடு உண்டு. இந்திக்காரர்கள் விடைபெறும்போதும் நமஸ்தே சொல்வார்கள். நம்மில் 'நன்றி, வணக்கம்' என்று முடிப்பது மைக் பிடித்தவர்கள்தான். நேரில் 'வரேன்ணே' போதும். இன்னொன்று, வணக்கத்துக்கு முன்னால் சொல் சேர்க்கலாம். காலை வணக்கம் 'குட்மார்னிங்'கைப் பார்த்துச் செய்தது, எனக்கு அவ்வளவாகப் பிடிக்காது. ஆனால் தொழிற்சங்கக் கூட்டத்துச் செவ்வணக்கமும், ஜனவரி 25 அன்று மொழிப்போர்த் தியாகிகளுக்குச் சொல்லும் வீரவணக்கமும் வேறு எந்தச் சொல்லாலும் வராது.

நமஸ்தே சொன்னாலே இந்தித் திணிப்பு என்று சிலர் முகம் சுளிப்பதைப் பார்க்கிறேன். தெலுங்குக்காரர்களும் நமஸ்காரம், நமஸ்தே என்றுதான் சொல்கிறார்கள், வடசென்னையில் தெலுங்கு வீடுகளுக்குப் பஞ்சமில்லை. கடையில் லோடு ஏற்றும் பீகார் பையன் 'நமஸ்தே அங்கிள்' என்பான், நான் 'வணக்கம் தம்பி' என்பேன். இருவருக்கும் இது போதுமாக இருக்கிறது. இங்கே பிழைக்க வந்தவர் வணக்கம் கற்றுக்கொண்டால் சந்தோஷம். ஒரு அரசு அலுவலக கவுன்ட்டரில் உட்கார்ந்துகொண்டு நம்மிடம் நமஸ்தே மட்டும் சொன்னால் அது வேறு விஷயம், அங்கே வணக்கத்தை எதிர்பார்ப்பது நியாயம்தான்.

மண்ணடிப் பக்கம் போகிறவர்களுக்கு ஒன்று. தமிழ் முஸ்லிம்கள் வழிபாட்டையும் வணக்கம் என்றே சொல்வார்கள், வணக்கத்துக்குரியவன் இறைவன் ஒருவனே என்பது அவர்கள் வழக்கு. அதனால் மனிதரிடம் அந்தச் சொல்லைச் சொல்ல சிலர் தயங்குவார்கள், சிலர் சாதாரணமாகச் சொல்வார்கள். நீங்கள் வணக்கம் சொல்லி, பதிலுக்கு ஒரு சிரிப்பும் 'வாங்க, எப்படி இருக்கீங்க'வும் மட்டும் வந்தால் அலட்சியம் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். கத்தோலிக்க வீடுகளிலும் மாதாவுக்கு வணக்க மாதம் என்று மே மாதத்தைச் சொல்வார்கள், ஆனால் அவர்கள் ஆளுக்கு ஆள் வணக்கம் சொல்லத் தயங்கி நான் பார்த்ததில்லை.