504 வந்தால் மறுபடி அனுப்பலாமா? மறுமுயற்சி பற்றிய கேள்வி பதில்

வெள்ளவத்தையிலிருந்து, முதல் வேலையில் இருக்கும் ஒருவர்: அண்ணா, சேர்வர் தரும் HTTP குறியீடுகளில் 5 இல் தொடங்கும் எரர் எல்லாவற்றுக்கும் ரீட்ரை, 4 இல் தொடங்கினால் வேண்டாம் என்று எழுதி வைத்திருக்கிறேன். சரிதானே?

பாதி சரி, தம்பி. 400, 403, 422 எல்லாம் நீங்கள் அனுப்பியதில்தான் பிழை என்று சேர்வர் சொல்வது. அதே வேண்டுகோளை எத்தனை முறை அனுப்பினாலும் அதே பதில்தான் வரும். ஆனால் அந்த வரிசையிலேயே இருக்கும் 429 "அடிக்கடி கேட்கிறாய், பொறுத்து வா" என்கிறது. 408 உம் அப்படி மறுபடி கேட்கக்கூடியதுதான். 401 வந்தால் டோக்கனைப் புதுப்பித்து ஒரே ஒரு தடவை முயலுங்கள். திரும்பவும் 401 என்றால் நிறுத்திவிடுங்கள்.

5 வரிசையில் 502, 503, 504 க்கு ரீட்ரை பொருத்தம். 501 க்குப் பயனில்லை, கேட்ட வசதியே அங்கே கிடையாது. 500 தான் தலையிடி. ஒரு கணத் தடுமாற்றமாகவும் இருக்கலாம், உங்கள் தரவைத் தொட்டவுடன் விழும் பக் ஆகவும் இருக்கலாம். நான் 500 க்கு, தரவை வாசிக்கக் கேட்கும் GET என்றால் மட்டும் இரண்டு தடவை முயல விடுவேன், அதற்கு மேல் இல்லை.

புறக்கோட்டை மொத்தக் கடை ஒன்றின் ஓர்டர் மென்பொருளைப் பார்ப்பவர்: 504 வந்தது, மறுபடி அனுப்பினோம். வாடிக்கையாளரின் அட்டையில் 18,500 ரூபா இரண்டு தடவை போய்விட்டது. 504 க்கு ரீட்ரை பொருத்தம் என்கிறீர்களே?

குறியீடு பாதிக் கதையைத்தான் சொல்லும். நடுவில் நிற்கும் சேர்வர், பின்னால் இருக்கும் சேர்வரிடமிருந்து நேரத்துக்குப் பதில் வராதபோது 504 கொடுக்கிறது. வேலை நடக்கவில்லை என்று அது சொல்லவே இல்லை. உங்களுக்கு நடந்தது அநேகமாக இப்படி இருக்கும்: நடு சேர்வர் 30 செக்கன் பார்த்துவிட்டு 504 கொடுத்தது. வங்கிப் பக்கம் 34 ஆவது செக்கனில் பணத்தை எடுத்தது. அதற்குள் 31 ஆவது செக்கனில் உங்கள் நிரல் இரண்டாவது வேண்டுகோளை அனுப்பிவிட்டது. அது அவர்களுக்குப் புதுக் கட்டணம். ஒரே ஓர்டருக்கு இரண்டு பரிவர்த்தனை எண்கள் லொக்கில் இருந்தால் இதுதான் கதை.

GET, PUT, DELETE மூன்றையும் இரண்டு தடவை அனுப்பினாலும் விளைவு ஒன்றுதான், அப்படித்தான் அவை வகுக்கப்பட்டிருக்கின்றன. கட்டணம் போன்றவற்றை அனுப்பும் POST க்கு அந்த உறுதி கிடையாது. அதனால்தான் கட்டணச் சேவைகள் பலவும் `Idempotency-Key` என்ற தலைப்பை ஏற்கின்றன. அதே சாவியோடு இரண்டாவது வேண்டுகோள் வந்தால் புதிதாகப் பணம் எடுக்காமல் முதல் தடவையின் பதிலையே திருப்பித் தரும்.

இங்கே அடிக்கடி நடக்கும் பிழை, சாவியை லூப்புக்குள் உருவாக்குவது. அப்போது ஒவ்வொரு முயற்சிக்கும் புதுச் சாவி போகும், இருந்தும் இல்லாத மாதிரி. ஓர்டர் பதிவாகும்போதே சாவியையும் அதோடு சேர்த்துச் சேமித்துவிடுங்கள்:

```python
key = order.payment_key   # ஓர்டரோடு சேமித்தது
for n in range(5):
    r = pay(order, key)
    if r.status_code not in (429, 502, 503, 504) or n == 4:
        break
    time.sleep(random.uniform(0, min(30, 2 ** n)))
```

குறியீடே வராமல் போவதையும் கவனியுங்கள், இந்தத் துண்டில் அதற்கு இடமில்லை. இணைப்பே மறுக்கப்பட்டால் வேண்டுகோள் போய்ச் சேரவில்லை, POST ஆனாலும் பயமின்றி மறுபடி அனுப்பலாம். அனுப்பிய பிறகு பதிலுக்குக் காத்திருந்து டைம்அவுட் ஆனால் அதுவும் 504 மாதிரித்தான், நடந்ததா இல்லையா என்று தெரியாது.

அவரே மீண்டும்: எங்கள் சேவை அந்தச் சாவியை ஏற்காது. அப்புறம்?

அப்படியானால் முதலில் ஓர்டர் எண்ணை வைத்து நிலையைக் கேளுங்கள். உடனே கேட்டால் "அப்படி ஒன்று இல்லை" என்று வரலாம், அது 34 ஆவது செக்கன் இன்னும் வராததால். சில நிமிடங்கள் விட்டுக் கேளுங்கள். நிலை கேட்கும் வசதியும் இல்லையென்றால் தானாக மறுபடி அனுப்பவே வேண்டாம். "நிலுவை" என்று போட்டு, ஆள் ஒருவர் பார்க்கட்டும்.

தெஹிவளையிலிருந்து: வைஃபை விழுந்தால் நான் F5 ஐ அழுத்திக்கொண்டே இருப்பேன். நீங்கள் சொல்வது அதுதானா?

இல்லை, நாங்கள் பேசுவது நிரல் தானாகச் செய்வதைப் பற்றி. ஆனால் உங்களுக்கும் ஒன்று உண்டு: பணம் கட்டும் பக்கத்தில் F5 அழுத்தும்போது "படிவத்தை மறுபடி அனுப்பவா" என்று பிரவுசர் கேட்டால், ஆம் என்று சொல்லாதீர்கள். அந்தப் பக்கம் POST இல் வந்தது.

கொட்டாஞ்சேனையிலிருந்து, கடைத் தொடர் ஒன்றின் கணினிப் பொறுப்பாளர்: கரண்ட் போய் வந்ததும் 200 கவுண்டர்களும் ஒன்றாக எழும்புகின்றன. 1, 2, 4, 8 செக்கன் என்று இரட்டித்துக் காக்க வைத்தும் சேர்வர் படுத்துவிடுகிறது.

இரட்டிப்பதால் அலைகளுக்கு நடுவே இடைவெளி கூடுகிறது, அலை சிறிதாகவில்லை. 1 ஆவது செக்கனில் 200 பேர், 3 இல் அதே 200 பேர், 7 இல் அதே 200 பேர். எல்லோரும் ஒரே அட்டவணையில் இருக்கிறார்கள்.

மேலே உள்ள `random.uniform` இதற்குத்தான். 8 செக்கன் என்பது காத்திருக்கும் நேரமல்ல, அதன் உச்சம். 0 இலிருந்து 8 வரை எங்காவது ஒரு நேரத்தை ஒவ்வொரு கவுண்டரும் தானே தெரிவு செய்யும். அப்போது 200 பேர் 8 செக்கனுக்குள் பரவி, சராசரியாகச் செக்கனுக்கு 25 பேர்தான் வருவார்கள். பாதியை நிலையாக வைத்து மீதியைச் சீரற்றதாக்குபவர்களும் உண்டு. எனக்கு முழுவதும் சீரற்றதே பிடிக்கும்.

உச்சவரம்பையும் விடாதீர்கள். வெறுமனே இரட்டித்தால் 1024 செக்கனுக்கு வந்துவிடும், 17 நிமிடம். சேர்வர் எப்போதோ எழும்பியிருக்கும், உங்கள் கவுண்டர் தூங்கிக்கொண்டிருக்கும். இன்னொன்று, உங்கள் விடயத்தில் முதல் முயற்சியே ஒன்றாகத்தான் போகிறது. இயந்திரம் எழும்பியதும், முதல் அழைப்புக்கு முன்னாலும் ஒரு சீரற்ற தாமதம் வையுங்கள்.

பம்பலப்பிட்டியிலிருந்து: 429 ஓடு வரும் Retry-After ஐப் பார்த்துத்தான் காத்திருக்கிறோம். ஆனாலும் உடனேயே அடுத்த 429.

அது இரண்டு விதமாக வரும். `Retry-After: 60` என்று செக்கனில், இல்லாவிட்டால் ஒரு திகதியும் நேரமுமாக. அந்த நேரம் எப்போதும் GMT. கொழும்பில் பிற்பகல் 3.00 மணிக்கு `09:31:00 GMT` என்று வந்தால் 3.01 வரை பொறு என்று அர்த்தம். உங்கள் நிரல் அதைக் கொழும்பு நேரமாக எடுத்தால் காலை 9.31, எப்போதோ கடந்துவிட்டது. காத்திருப்பு எதிர்மறையாகி, பூச்சியமாகி, உடனே அடுத்த அழைப்பு. லொக்கில் கணக்கிட்ட காத்திருப்பை எழுதிப் பாருங்கள், ஐந்தரை மணி நேர வித்தியாசம் தெரிந்தால் இதுதான். சேர்வர் சொன்ன நேரத்துக்கு மேலே கொஞ்சம் சீரற்ற நேரம் கூட்டலாம், குறைக்கக்கூடாது.

பல வருடமாக இதே துறையில் இருக்கும் ஒருவர்: எங்கள் ஆப் 3 தடவை, நடுச் சேவை 3 தடவை, உள்ளே உள்ள லைப்ரரி 3 தடவை முயல்கிறது. எந்த அடுக்கில் வைத்துக்கொள்வது?

உங்களுக்குத் தெரியாததல்ல, மூன்றும் பெருகி ஒரு சொடுக்குக்கு 27 அழைப்பு. ஏற்கெனவே விழுந்து கிடக்கும் சேர்வருக்கு. ஓர் அடுக்கில் மட்டும் வைத்து, மற்றவற்றில் அணைத்துவிடுங்கள். நான் பிழைக்கு மிக அருகில் உள்ள அடுக்கில் வைப்பேன், குறியீடு அங்கேதான் அப்படியே கிடைக்கிறது. மேலே போகப் போக எல்லாம் 500 ஆகிவிடும்.

அவரே: ஆனால் வாடிக்கையாளர் எத்தனை செக்கன் பொறுப்பார் என்பது ஆப்புக்குத்தானே தெரியும். கீழ் அடுக்கு 40 செக்கன் போராடிக்கொண்டிருக்கும், மேலே ஆள் போய்விட்டிருப்பார்.

உண்மைதான். எப்போதுக்குள் பதில் வேண்டும் என்ற கடைசி நேரத்தை மேலிருந்து வேண்டுகோளின் தலைப்பில் வைத்துக் கீழே அனுப்புவது ஒரு வழி. கீழே உள்ள சேவை உங்களுடையதாக இருந்தால் முடியும். வங்கியிடம் அதைக் கேட்க முடியாது. அங்கே நான் இப்போதும் கீழ் அடுக்கில்தான் வைக்கிறேன், நீங்கள் ஒத்துக்கொள்ள மாட்டீர்கள் என்று தெரியும்.