மரத்தடிப் பிறைகள்: துளையும் தூரமும்

கேள்வி: 2019 டிசம்பர் 26 காலை கிரகணத்தின்போது தண்டையார்பேட்டையில் எங்கள் தெருப் புங்க மரத்தடியில் தரையெல்லாம் பிறைப் பிறையாக வெயில் விழுந்திருந்தது. ஆசையாக நானும் ஓர் அட்டையில் ஆணியால் ஓட்டை போட்டு, ஒரு சாண் தள்ளி வெள்ளைத் தாளைப் பிடித்தேன். வட்டமாக ஒரு பொட்டுதான் விழுந்தது. மரத்தால் முடிந்தது என் அட்டையால் ஏன் முடியவில்லை? அடுத்த முறை என் மகளுக்குச் சரியாகக் காட்ட வேண்டும்.

பதில்: உங்கள் அட்டையில் துளை பெரிது, தாளுக்கு இருந்த தூரம் குறைவு. இவை இரண்டும் சேர்ந்துதான் பிறையை மறைத்துவிட்டன.

சூரியன் நம் கண்ணுக்கு ஒரு புள்ளியன்று. வானில் ஏறத்தாழ அரை டிகிரி அகலமுள்ள ஒரு வட்டத் தட்டு. அந்தத் தட்டின் மேல் விளிம்பிலிருந்து புறப்படும் ஒளி துளை வழியே நுழைந்து தாளின் கீழ்ப்பக்கத்திலும், கீழ் விளிம்பின் ஒளி மேல்பக்கத்திலும், இட விளிம்பின் ஒளி வலப்பக்கத்திலும் போய் விழுகிறது. இப்படித் தட்டின் ஒவ்வொரு புள்ளியும் துளையின் வடிவத்திலேயே ஒரு சிறு ஒளிப்பொட்டைத் தாளில் இடுகிறது. எண்ணற்ற அந்தப் பொட்டுகள் ஒன்றன்மேல் ஒன்று சற்றுச் சற்று விலகி அடுக்கப்படும்போது, அவை பரவும் பரப்பு சூரியனின் வடிவத்தையே தலைகீழாகவும் இடவலம் மாறியும் எடுத்துக்கொள்கிறது. நிலவு சூரியனின் ஒரு பகுதியை மறைத்தால், அந்தப் பகுதியிலிருந்து வர வேண்டிய பொட்டுகள் மட்டும் வருவதில்லை. எஞ்சியவை பிறையாக அமைகின்றன. ஆகவே தாளில் தெரிவது எப்போதும் இரண்டு வடிவங்களின் கலவை: சூரியனின் வடிவம் ஒன்று, துளையின் வடிவம் மற்றொன்று. எது பெரிதோ அதுவே கண்ணுக்குத் தெரியும். இந்த விளக்கத்தைத் தெளிவாக எழுதி வைத்தவர் யோஹானஸ் கெப்ளர், 1604இல். இலை இடுக்குகளின் வழியே பிறை விழுவதை மனிதர்கள் கவனித்ததோ அதற்குப் பல நூற்றாண்டுகளுக்கு முன்பு.

சூரியப் பிம்பத்தின் அகலத்தைக் கணக்கிடுவது எளிது. துளைக்கும் தாளுக்கும் உள்ள தூரத்தை 108ஆல் வகுத்தால் போதும். நம் ஊரில் மறக்க முடியாத எண் அது. உங்கள் ஒரு சாணை 23 சென்டிமீட்டர் என்று கொண்டால், சூரியப் பிம்பம் 2 மில்லிமீட்டர்தான் வரும். ஆணித்துளை 4 மில்லிமீட்டராவது இருந்திருக்கும். 2 மில்லிமீட்டர் பிறையை 4 மில்லிமீட்டர் வட்டத்தால் பூசி மெழுகினால் கிடைப்பது விளிம்பு மங்கிய வட்டப் பொட்டு. நீங்கள் பார்த்தது சூரியனை அன்று, ஆணித்துளையை.

இப்போது அதே காலைப் பொழுதில் மரம் என்ன செய்தது என்று பாருங்கள். சென்னையில் கிரகணம் உச்சமடைந்த ஒன்பதரை மணி அளவில் சூரியன் தொடுவானத்திலிருந்து சுமார் 37 டிகிரி உயரத்தில் இருந்தது. தரைக்கு 5 மீட்டர் மேலே கிளைகளில் இரண்டு இலைகளுக்கு நடுவே ஒரு சென்டிமீட்டர் இடைவெளி இருந்ததாகக் கொள்வோம். வெயில் சாய்வாக வந்ததால் அந்த ஒளி தரையைத் தொட 8 மீட்டருக்கு மேல் பயணம் செய்தது. பிம்பத்தின் அகலம் ஏறத்தாழ 8 சென்டிமீட்டர். அந்த அளவுக்கு முன்னால் ஒரு சென்டிமீட்டர் இடைவெளி கோணலாக இருந்தாலும், முக்கோணமாக இருந்தாலும், விளிம்பைச் சற்று மங்கலாக்குவதைத் தவிர வேறெதுவும் செய்ய முடியாது. சாய்ந்த வெயில் தரையில் நீண்டு விழும் என்பதால் வெயில் வந்த திசையில் பிம்பம் 13 சென்டிமீட்டர் வரை இழுபட்டிருக்கும். அன்று உங்கள் தெருவில் சில பிறைகள் ஒல்லியாக நீண்டு கிடந்திருந்தால் காரணம் இதுதான். 2020 ஜூன் 21 கிரகணம் சென்னையில் நண்பகலை ஒட்டி உச்சமடைந்தது. சூரியன் ஏறக்குறைய தலைக்கு மேல் இருந்ததால் அன்று பிம்பங்கள் நீளவில்லை. ஆனால் மறைந்த பகுதி குறைவு என்பதால் அவை பிறையாக இல்லாமல், ஓரம் கடிக்கப்பட்ட அப்பளம்போல் இருந்தன.

எல்லா மரநிழலும் இப்படிக் காட்டிவிடாது. இடைவெளி கையளவு இருந்தால் அதன் வடிவமே தரையில் விழும். தென்னங்கீற்றின் நீண்ட இடுக்குகள் பிறைகளை ஒரே கோடாகத் தேய்த்துவிடும். அடர்ந்த கிளைகளின் கீழே ஒன்றின்மேல் ஒன்றாக விழும் பிம்பங்கள் கலைந்து போகும். கடற்காற்று எழுந்துவிட்டால் இலைகள் ஓயாமல் அசைந்து இடுக்குகள் மூடித் திறக்கும். புங்கமும் வேம்பும் இதற்கு நல்ல மரங்கள் என்பது என் அனுபவம்.

உங்கள் மகளுக்கு 2027 ஆகஸ்ட் 2 மாலை வாய்ப்பு உண்டு. சென்னையில் அது பகுதி கிரகணம். அட்டையில் அரை அங்குலச் சதுரம் வெட்டி, அதன்மேல் சாப்பாடு பொதியும் அலுமினியத் தாளைச் சுருக்கமில்லாமல் ஒட்டி, குண்டூசியால் ஒரு மில்லிமீட்டர் துளை இடுங்கள். தாளை 2 மீட்டர் தள்ளி நிழலில் வையுங்கள். பிம்பம் 18 மில்லிமீட்டர் வரும், மங்கல் ஒரு மில்லிமீட்டர்தான். துளையை இன்னும் சிறிதாக்கினால் தெளிவு கூடாது. வெளிச்சம் குறையும், ஒளியின் அலைத்தன்மையால் விளிம்பும் விரியும்.

மாலையில் சூரியன் மேற்கே தாழ்ந்திருக்கும் என்பதால் தரையை நம்ப வேண்டாம். வண்ணாரப்பேட்டை, தண்டையார்பேட்டைப் பக்கத்துப் பழைய வீடுகளின் நீண்ட இருட்டு நடை இதற்காகவே கட்டியதுபோல் பயன்படும். சிறிய முகம் பார்க்கும் கண்ணாடியைக் கறுப்புத் தாளால் மூடி, நடுவில் 5 மில்லிமீட்டர் துளை விட்டு, வாசல் வெயிலில் அசையாமல் வைத்து, ஒளியை நடையின் கடைசிச் சுவருக்குத் திருப்புங்கள். சுவர் 8 மீட்டர் தள்ளி இருந்தால் 7 சென்டிமீட்டர் சூரியன் அங்கே நிற்கும். துளை வழியாகவோ கண்ணாடியிலோ யாரும் சூரியனைப் பார்க்கக் கூடாது. விழித்திரைக்கு வலி தெரியாது, கெட்ட பிறகுதான் பார்வை சொல்லும். குழந்தையைச் சூரியனுக்கு முதுகு காட்டி, சுவரைப் பார்த்தபடி நிறுத்துங்கள்.

அமைப்பு சரியா என்று அறியக் கிரகணம் வரும் வரை காத்திருக்க வேண்டியதில்லை. எந்த வெயில் நாளிலும் துளையைச் சதுரமாக வெட்டிப் பாருங்கள். தாளை அருகில் பிடித்தால் சதுரம் விழும். மெல்லப் பின்னால் நகர்த்தினால் மூலைகள் உருகத் தொடங்கும். மூலைகள் முற்றிலும் மறைந்து முழு வட்டமாகும் தூரத்தைத் தாண்டி, இன்னும் ஒரு மடங்கு பின்னால் போய் நின்றுகொள்ளுங்கள். அதுதான் பிறை விழும் இடம்.