பத்துப் புளியங்கொட்டைகள்

கேள்வி: எங்கள் மகளுக்கு ஏழு வயது, ஒரே பெண். செம்பூரில் ஒன்பதாவது மாடியில் குடியிருக்கிறோம். கட்டடத்தில் இருக்கும் மற்ற பிள்ளைகள் மாலையில் டியூஷன், நடன வகுப்பு என்று போய்விடுகிறார்கள். பள்ளி விட்டு வந்ததும், "என்கூட யாரும்மா விளையாடுவா?" என்று கேட்கிறாள். நான் வீட்டிலிருந்தே வேலை பார்க்கிறேன்; சமாளிக்க முடியாமல் கைபேசியைக் கொடுத்துவிடுகிறேன். பொம்மைகளும் சாமான்களும் நிறைய இருக்கின்றன, எதையும் பத்து நிமிடத்துக்கு மேல் தொடுவதில்லை. என்ன செய்வது?
— ஒரு வாசகி, மும்பை

பதில்: அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் மகளின் கேள்வியில் 'என்கூட' என்ற சொல்லைத்தான் நான் முதலில் கவனித்தேன். பொம்மை, வைத்த இடத்தில் அப்படியே இருக்கும். எதிர்த்து ஒன்றும் செய்யாது. கூட விளையாடும் பிள்ளை அப்படியில்லை. தன் முறை வரும்போது நாம் எதிர்பாராத ஒன்றைச் செய்யும், தப்பாட்டம் ஆடினால் சண்டைக்கு வரும். கைபேசி அவளைப் பிடித்து வைப்பதற்கும் இதுவே காரணம். தொட்டால் அது ஏதோ ஒரு பதில் தருகிறது. ஆகவே புதிதாக ஒரு சாமானை வாங்குவதைவிட, அவள் கை வைத்தால் பதில் சொல்லக்கூடிய ஒரு விளையாட்டைத் தேர்ந்தெடுப்பது நல்லது. அப்படி ஒன்றை மட்டும் விரிவாகச் சொல்கிறேன். அது பல்லாங்குழி.

பலகை இல்லையென்றால் தேட வேண்டாம். தரையில் சாக்பீஸால் வரிசைக்கு ஏழாக இரண்டு வரிசை வட்டங்கள் போட்டால் போதும், அல்லது பதினான்கு தயிர்க் கிண்ணங்களை அடுக்கி வைக்கலாம். சமையலறையில் புளி கரைக்கும்போது கொட்டைகளைக் கழுவிக் காயவைத்து எடுத்துக்கொள்ளுங்கள். எழுபது சேரும்வரை அதைச் சேர்ப்பதே அவளுக்கு ஒரு வேலையாக இருக்கும். மூன்று வயதுக்குக் குறைந்த குழந்தை வீட்டுக்கு வரும் நாளில் மட்டும் எல்லாவற்றையும் எண்ணி டப்பாவில் போட்டு மூடிவிட வேண்டும். சிறு குழந்தைகள் கொட்டையை வாயிலும் மூக்கிலும் போட்டுக்கொள்வார்கள்.

பல்லாங்குழி என்றதும் இருவர் ஆடும் ஆட்டம்தான் நினைவுக்கு வரும். ஒருவரே ஆடும் வகைகளும் அதில் உண்டு. அசோக வனத்தில் சீதை தனியாக ஆடியதாகச் சொல்லி, அவள் பெயராலேயே அந்த வகையை அழைப்பார்கள். உங்கள் மகளுக்கு முதலில் காட்ட வேண்டியது தனியாட்டம் ஒன்றைத்தான். அதற்குப் பத்துக் கொட்டைகள் போதும்.

பத்தையும் ஒரே குழியில் போடச் சொல்லுங்கள். அவற்றை எடுத்து, அடுத்தடுத்த குழிகளில் ஒவ்வொன்றாகப் போட்டுக்கொண்டே போக வேண்டும். பிறகு வரிசையில் எல்லாவற்றுக்கும் பின்னால் கொட்டை இருக்கும் குழி எதுவோ, அதில் உள்ளதை எடுத்து, அதேபோல முன்னால் இருக்கும் குழிகளில் ஒவ்வொன்றாகப் போட வேண்டும். எப்போதும் கடைசிக் குழியிலிருந்தே எடுக்க வேண்டும் என்பது ஒன்றுதான் விதி. முதல் எடுப்பில் பத்துக் குழிகளில் ஒவ்வொன்று நிற்கும். இரண்டாவதில் கடைசிக் குழியில் இரண்டு சேரும். மூன்றாவதில் இரண்டு, இரண்டு, பிறகு ஒன்றுகள். இப்படியே போய், ஏழாவது எடுப்பு முடியும்போது நான்கு, மூன்று, இரண்டு, ஒன்று என்று படிக்கட்டுபோல் வந்து நிற்கும். அதற்குப் பின் எத்தனை முறை எடுத்துப் போட்டாலும் அந்தப் படிக்கட்டு உடையாது. ஒவ்வொரு குழியாக நகர்ந்து பலகையைச் சுற்றி வந்துகொண்டே இருக்கும். நான்கை எடுத்துப் போட்டதும் மூன்று நான்காகிறது, இரண்டு மூன்றாகிறது, ஒன்று இரண்டாகிறது, காலியாக இருந்த குழியில் ஒன்று விழுகிறது. காரணம் இவ்வளவுதான், ஆனால் அதைப் பெரியவர்கள் சொல்லிவிடக் கூடாது.

மாட்டுங்காவில் இருக்கும் என் தங்கை மகனுக்கு எட்டு வயதில் இதைக் காட்டினேன். படிக்கட்டு ஒரு சுற்று முழுதும் வந்தது. இரண்டாவது சுற்றில், பலகையின் முனையில் திரும்பும் இடத்தில், நான்கு, மூன்று, ஒன்று, ஒன்று என்று கோணலாக நின்றது. அவன் என்னைக் கேட்கவில்லை. கொட்டைகளை எண்ணினான், ஒன்பதுதான் இருந்தன. குனிந்து பார்த்தால் பாயின் மடிப்புக்குள் ஒன்று கிடந்தது. "அதான் பார்த்தேன்" என்று பெரிய மனிதனைப்போல் சொல்லிவிட்டு, அதை எடுத்துப் போட்டு மறுபடியும் தொடங்கினான். தவறைக் காட்டிக்கொடுக்க ஆள் வேண்டியிருக்கவில்லை, ஆட்டமே காட்டிக்கொடுத்தது. தனியாக இருக்கும் பிள்ளை அரை மணி நேரம் ஒன்றில் நிலைத்திருக்க இது மிகவும் முக்கியம் என்பது என் அனுபவம்.

படிக்கட்டு அலுத்துப்போக ஒரு வாரம் ஆகலாம். அப்போது பதினோராவது கொட்டையை அவள் கையில் கொடுத்து, "இதையும் சேர்த்தால் என்ன ஆகும்?" என்று மட்டும் கேட்டுவிட்டு உங்கள் வேலைக்குத் திரும்புங்கள். படிக்கட்டு ஓரிடத்தில் கனத்துத் தெரியும். அந்தக் கூடுதல் கொட்டை ஒவ்வோர் எடுப்பிலும் ஒரு படி இடம் மாறி, ஐந்தாவது எடுப்பில் பழைய இடத்துக்கே வந்து சேரும். ஐந்து படி உள்ள படிக்கட்டுக்கு எத்தனை கொட்டை வேண்டும் என்பதையும் அவளே கண்டுபிடிக்கட்டும். பதினைந்து என்று சொல்லிவிட்டால் அன்றைய விளையாட்டு முடிந்துபோகும்.

அடுத்தது இருவர் ஆட்டம். இதற்கு நீங்களோ உங்கள் கணவரோ நாளுக்கு இருபது நிமிடம் தர வேண்டும். அந்த நேரம் நிலையாக இருப்பது அவசியம். இரவுச் சாப்பாட்டுக்கு முன் என்றால் தினமும் அப்போதுதான். எப்போது வருவீர்கள் என்று தெரிந்த பிள்ளை அதுவரை காத்திருக்கும். தெரியாத பிள்ளைதான் ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை மடிக்கணினிக்குப் பக்கத்தில் வந்து நிற்கும்.

குழிக்கு ஐந்தாக எழுபது கொட்டைகள். தன் பக்கத்துக் குழி ஒன்றிலிருந்து எடுத்து வலமாக ஒவ்வொன்றாகப் போட்டுக்கொண்டே போய், கை காலியானதும் அடுத்த குழியில் இருப்பதை எடுத்துத் தொடர வேண்டும். அடுத்த குழி வெறுமையாக இருந்தால் அதைக் கையால் துடைத்துவிட்டு, அதற்கு அடுத்த குழியில் இருப்பது முழுவதையும் வென்றுகொள்ளலாம். அத்துடன் முறை முடிகிறது. போகும் வழியில் எந்தக் குழியிலாவது நான்கு சேர்ந்தால் அது பசு. யார் பக்கத்துக் குழியோ அவர் எடுத்துக்கொள்வார். வீட்டுக்கு வீடு சிறிது மாறும், உங்கள் அம்மா ஆடிய விதியையே வைத்துக்கொள்ளுங்கள்.

இந்த ஆட்டத்தில் ஒரு கடுமை இருக்கிறது. அவள் 27, நீங்கள் 43 என்று முதல் சுற்று முடிந்தால், மறுசுற்றில் அவளால் ஐந்து குழிகளைத்தான் நிரப்ப முடியும். கையில் இரண்டு மிஞ்சும், இரண்டு குழிகள் மூடப்படும். குறைந்த குழிகளோடு ஆடுகிறவர் மேலும் தோற்பதற்கே வாய்ப்பு அதிகம். ஒரே மாலையில் மூன்று சுற்று ஆடினால் ஏழு வயதுப் பிள்ளை பலகையைக் கவிழ்த்துவிட்டு அழும். அது பிடிவாதம் இல்லை, ஆட்டத்தின் அமைப்பே அப்படி. ஆகவே ஒரு நாளுக்கு ஒரு சுற்று மட்டும் ஆடி, கணக்கை அவள் கையாலேயே ஒரு நோட்டில் எழுதவையுங்கள். இரக்கப்பட்டு வேண்டுமென்றே தோற்றுக்கொடுக்காதீர்கள். பிள்ளைகளுக்கு அது இரண்டாம் நாளே தெரிந்துவிடும், அதன்பின் நீங்கள் அவளுக்கு எதிராளி இல்லை. விட்டுக்கொடுக்க வேண்டுமென்றால், "அம்மாவுக்கு இன்று ஆறு குழிதான்" என்று ஆரம்பத்திலேயே வெளிப்படையாகச் சொல்லிவிட்டு, முழு மனதோடு ஆடுங்கள்.

பகலில் அவள் இடக்கைக்கும் வலக்கைக்கும் பெயர் வைத்து இரண்டு பக்கத்தையும் தானே ஆடலாம்; ஒரு கைக்குச் சலுகை காட்டி, அதோடு பேசவும் செய்யலாம். இந்த வயதில் அது இயல்பானது. திருத்த வேண்டாம்.

ஊரில் பாட்டி இருந்தால் இன்னொரு வழியும் இருக்கிறது. பல்லாங்குழியில் பகடை கிடையாது. எந்தக் குழியிலிருந்து எடுத்தோம் என்று தெரிந்தால் மற்றதெல்லாம் தானாக நடக்கும். ஆகவே இரண்டு வீட்டிலும் ஒவ்வொரு பலகை வைத்து, குழிகளுக்கு எண் கொடுத்து, தொலைபேசியில் குரல் மட்டும் கேட்டு ஆடலாம். "பாட்டி, என்னோட மூணாம் குழி" என்று அவள் சொன்னதும் இருவரும் தத்தம் பலகையில் அதே ஆட்டத்தைப் போட வேண்டும். ஒவ்வொரு முறையும் முடிந்ததும் இருவரும் தங்கள் முன்னால் உள்ள எண்ணிக்கையைச் சொல்லிச் சரிபார்த்துக்கொள்ள வேண்டும். இரண்டு முறை விட்டுவிட்டால் பிறகு பலகைகள் ஒத்துப்போகாது. தாயத்தை இப்படி ஆட முடியாது, விழுந்தது என்ன என்பதில் சண்டை வந்துவிடும். வீடியோ அழைப்பு வேண்டாம். முகம் தெரிந்தால் பேச்சு வேறு பக்கம் போய்விடுகிறது.

இவை எல்லாம் வேறொரு பிள்ளைக்கு ஈடாகாது என்பதையும் சொல்லத்தான் வேண்டும். வகுப்புகள் இல்லாத ஞாயிறு மாலையில், கட்டடத்தில் உள்ள ஒரு பிள்ளையை, ஒரே ஒரு பிள்ளையை, பெற்றோரிடம் கேட்டு ஒரு மணி நேரத்துக்கு அழையுங்கள். இரண்டு பேர் வந்தால் மூவரில் ஒருவர் வெளியே நிற்க வேண்டியிருக்கும், பெரும்பாலும் அது உங்கள் மகளாகவே இருக்கும். வரும் பிள்ளை மராத்தியோ குஜராத்தியோ பேசினாலும் கவலையில்லை; எண்ணத் தெரிந்தால் போதும். விதிகளை நீங்கள் விளக்காமல் அவளே கற்றுக்கொடுக்கட்டும். அப்படிப் பிள்ளைகள் வந்தும் அவள் ஒதுங்கியே இருந்தால், அல்லது சாப்பாடும் தூக்கமும் சில வாரங்களாகக் குறைந்திருந்தால், வகுப்பு ஆசிரியரிடமும் குழந்தை மருத்துவரிடமும் பேசுங்கள்.

இன்னும் ஒன்று. இரவில் கூடத்தைப் பெருக்கும்போது பாதியில் நிற்கும் பலகையை எடுத்து வைத்துவிடாதீர்கள். ஒரு மூலையில் அப்படியே இருக்கட்டும். மறுநாள் பள்ளி விட்டு வந்ததும் அவள் பையை இறக்கிவைத்துவிட்டு முதலில் பார்ப்பது அதுவாக இருக்கும்.