BD-யா, PD-யா? வாய்ஸ் ரவுண்டில் தவறும் இடம்

தம்பி, கால் சென்டர் வேலைக்கான இன்டர்வியூவில் வாய்ஸ் ரவுண்டில் இரண்டாவது முறையும் தேறவில்லை, கிராமரை முதலிலிருந்து படிக்கட்டுமா என்று கேட்டிருந்தீர்கள். வேண்டாம். நீங்கள் அனுப்பிய மாக் கால் பதிவை மூன்று முறை கேட்டேன். கிராமர் போதுமான அளவு இருக்கிறது.

கஸ்டமராகப் பேசியவர் சொன்ன ஆர்டர் எண் BD1530. ‘ஃபிஃப்டீன் தர்ட்டி’ என்று வேகமாகச் சொன்னார். நீங்கள் ‘ஓகே மேம்’ என்று சொல்லிவிட்டு PD5030 என்று குறித்துக்கொண்டீர்கள். அதன்பின் பேசியது எல்லாமே வேறு யாருடைய ஆர்டரைப் பற்றியோ ஆகிவிட்டது.

தவறாகக் கேட்டது குற்றமில்லை. தமிழில் B, P இரண்டுக்கும் ஒரே ‘ப’ என்பதால் நம் காது இங்கே எளிதில் ஏமாறும். சாதாரண போன் லைனும் ஏறக்குறைய 300 முதல் 3,400 ஹெர்ட்ஸ் வரையிலான ஒலியைத்தான் கடத்தும். S, F இரண்டையும் பிரித்துக் காட்டும் கூர்மையான ஒலி பெரும்பாலும் அதற்கு மேலே இருப்பதால், அமெரிக்கர்களே போனில் அவற்றைக் குழப்பிக்கொள்வார்கள். நீங்கள் கோட்டை விட்டது, கேட்டதைத் திருப்பிச் சொல்லிச் சரிபார்க்காததில்தான்.

அந்த இடத்தில் இப்படிச் சொல்லியிருக்கலாம்: ‘லெட் மீ ரீட் தட் பேக். பி அஸ் இன் பிராவோ, டி அஸ் இன் டெல்டா, ஒன் ஃபைவ், த்ரீ ஸீரோ. இஸ் தட் கரெக்ட்?’ எண்களை ஒவ்வொன்றாகச் சொன்னால் ஃபிஃப்டீன், ஃபிஃப்டி குழப்பத்துக்கே இடமில்லை. இதேபோல் P-க்குப் பாப்பா, S-க்கு சியரா, F-க்கு ஃபாக்ஸ்ட்ராட், M-க்கு மைக், N-க்கு நவம்பர். முதலில் B, D-யோடு சேர்த்து இந்த ஏழு எழுத்துகள் போதும், மற்றவை பிறகு வரட்டும்.

பாதிதான் காதில் விழுந்தது என்றால் வெறுமனே ‘பார்டன்?’ என்று கேட்காதீர்கள். அவர் முழுவதையும் அதே வேகத்தில் மறுபடி சொல்வார். ‘ஐ ஹேவ் தி லெட்டர்ஸ். குட் யூ கிவ் மீ தி நம்பர்ஸ் ஒன்ஸ் மோர், ப்ளீஸ்?’ என்று விட்டுப்போனதை மட்டும் கேளுங்கள். தேதியில் மாதத்தின் பெயரைச் சொல்லுங்கள். 03/04 என்பது அமெரிக்கருக்கு மார்ச் 4, பிரிட்டிஷ்காரருக்கு ஏப்ரல் 3.

மீட்டிங் ரவுண்டிலும் இதே வேலைதான். ‘ஐ ஹேவ் எ டவுட்’ என்று நாம் சாதாரணமாகச் சொல்வது, அமெரிக்கர்கள் காதில் ‘எனக்கு நம்பிக்கையில்லை’ என்று விழக்கூடும். ‘ஐ ஹேவ் எ கொஸ்டின்’ என்றே சொல்லுங்கள். முடிக்கும்போது யார், எதை, எப்போது என்பதைத் திருப்பிச் சொல்லுங்கள்: ‘ஜஸ்ட் டு கன்ஃபர்ம், ஐ வில் சென்ட் தி ரிப்போர்ட் பை ஃப்ரைடே, ஃபைவ் பி.எம். நியூயார்க் டைம்.’ யாருடைய நேரம் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். அவர்களின் கோடையில் நாம் ஒன்பதரை மணி நேரம் முன்னால் இருக்கிறோம், குளிர்காலத்தில் பத்தரை.

இன்று மாலையே தெருவில் நிற்கும் பத்து வண்டிகளின் நம்பர் பிளேட்டை அம்மாவைப் போனில் வாசிக்கச் சொல்லுங்கள். நீங்கள் வேறு அறையில் இருந்து எழுதி, திருப்பிச் சொல்லுங்கள். வெள்ளிக்கிழமை அந்தப் பதிவை எனக்கு அனுப்புங்கள், கேட்டுவிட்டுக் கூப்பிடுகிறேன்.