ஆஃப்செட் போட்டும் கட்டம் கட்டமாகத் தெரிகிறதே, ஏன்?

கேள்வி: போட்டோஷாப்பில் பொருள்களை வெட்டி எடுத்து, ஆஃப்செட் ஃபில்டர் போட்டு, தீபாவளிக்கு ஹால் சுவருக்கு வால்பேப்பர் டிசைன் செய்கிறேன். இணைப்புக் கோடு எங்கும் இல்லை. ஆனால் பெரிதாக நிரப்பிப் பார்த்தால் கட்டம் கட்டமாகத் தெரிகிறது. இடைவெளியை எப்படிச் சரிசெய்வது?

பதில்:

ஆஃப்செட் ஃபில்டரின் வேலை மிகச் சின்னது. ஓரத்தில் இருப்பதை நடுவுக்குக் கொண்டுவந்து காட்டும், அவ்வளவுதான். கட்டம் தெரிவதற்குக் காரணம் அந்த நடுப்பகுதியை நீங்கள் எதை வைத்து நிரப்பினீர்கள் என்பதில் இருக்கிறது. பெரும்பாலும் இப்படித்தான் நடக்கும்: முதல் சுற்றில் பெரிய பொருள்களையெல்லாம் நடுவில் அழகாக அடுக்கிவிடுவோம். ஆஃப்செட் போட்டதும் குறுக்கும் நெடுக்குமாக ஒரு கூட்டல் குறி போல வெற்றிடம் தெரியும். கையில் மிச்சம் இருப்பது சில்லறைச் சாமான்கள்தான், அதையெல்லாம் அங்கே போட்டு அடைப்போம். திரும்பத் திரும்ப வரும் கட்டத்தில் ஒன்றை மட்டும் பார்த்தால் நன்றாகவே இருக்கும். சுவர் முழுக்க வந்ததும் சில்லறை நிரம்பிய அந்தச் சந்துகள் ஒன்றோடொன்று சேர்ந்து தெருக்களாகிவிடும். நீங்கள் பார்க்கும் கட்டம் அதுதான்.

நான் ஒரு வீவக வீட்டு ஹாலுக்குச் செய்ததை வைத்தே சொல்கிறேன். தேக்காவில் வாங்கிய அகல் விளக்கு, வெற்றிலை, எலுமிச்சை, முறுக்கு, மல்லிகைச் சரம், கொஞ்சம் கொட்டைப்பாக்கு. எல்லாவற்றையும் வெள்ளை அட்டையில் வைத்து, ஒரே ஜன்னல் வெளிச்சத்தில் படமெடுத்தேன். எலுமிச்சையையும் முறுக்கையும் மட்டும் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பி வைத்துப் பல படங்கள். படத்தைக் கணினியில் சுழற்றினால் வெளிச்சமும் சேர்ந்து சுழலும். ஒரு எலுமிச்சைக்கு மேலிருந்தும் பக்கத்து எலுமிச்சைக்குக் கீழிருந்தும் வெயில் அடிப்பதுபோல் ஆகிவிடும். பொருளைத் திருப்பினால் அந்தத் தொல்லை இல்லை. தட்டையான வெற்றிலையை எப்படி வேண்டுமானாலும் சுழற்றலாம், யாரும் கண்டுபிடிக்க மாட்டார்கள்.

கேன்வாஸ் 2400 × 2400 பிக்சல். பின்னணி நிறம் தனி லேயரில், ஒரே நிறமாக. பெரிய பொருள்கள் ஒவ்வொன்றும் 450 முதல் 550 பிக்சல் வரை, ஒவ்வொன்றும் தனித்தனி லேயரில். பொருளுக்குப் பொருள் இடைவெளி 80 பிக்சல் என்று வைத்துக்கொண்டேன்.

இந்த 80 என்பது விளிம்பிலிருந்து விளிம்புக்கு. நடுப்புள்ளியிலிருந்து நடுப்புள்ளிக்கு அளந்தால் கணக்கு சரியாக இருக்கும், கண்ணுக்குச் சரியாக இருக்காது. நீளமான மல்லிகைச் சரமும் உருண்டையான எலுமிச்சையும் ஒரே மாதிரி இடத்தை அடைப்பதில்லை அல்லவா? கண்மதிப்பை நம்பாமல் அளக்க ஒரு வழி உண்டு. ஒவ்வொரு பொருளின் லேயருக்கும் Stroke ஸ்டைல் கொடுங்கள்: Size 40, Position Outside, Opacity 50. ஒவ்வொரு பொருளைச் சுற்றியும் 40 பிக்சல் வேலி வந்துவிடும். இரண்டு வேலிகள் தொட்டும் தொடாமலும் நின்றால் நடுவில் சரியாக 80. ஒன்றின் மேல் ஒன்று ஏறினால் அந்த இடம் கருத்துக் காட்டும், நெருக்கிவிட்டீர்கள் என்று அர்த்தம். இரண்டுக்கும் நடுவே பின்னணி அகலமாகத் தெரிந்தால் அங்கே ஓட்டை. வெட்டும்போது அழியாமல் தங்கிய தூசி மாதிரிப் புள்ளிகளும் இதில் மாட்டிக்கொள்ளும்: வெற்றிடத்தில் தனியாக ஒரு வட்டம் முளைத்தால் அங்கே ஏதோ அழிக்காமல் கிடக்கிறது.

முதல் சுற்றில் ஏழு எட்டுப் பெரிய பொருள்கள் போதும். ஓரத்தை எதுவும் தொடக்கூடாது, கேன்வாஸுக்கு வெளியேயும் நீட்டிக்கொண்டிருக்கக் கூடாது. அதே சமயம் ஓரத்திலிருந்து எல்லாமே ஒரே தூரத்தில் வரிசை கட்டி நிற்கவும் கூடாது. ஒரு வெற்றிலை நுனி ஓரத்துக்கு 60 பிக்சல் வரை போகட்டும், பக்கத்தில் உள்ள முறுக்கு 350 பிக்சல் உள்ளே இருக்கட்டும். ஆஃப்செட் போட்டபின் வரும் வெற்றிடம் அப்போதுதான் நேரான ரோடாக இல்லாமல் கோணல்மாணலாக வரும். கோணலான இடத்தில் பெரிய பொருளை நுழைக்க முடியும். நேர்ச் சந்தில் சில்லறையைத்தான் போட முடியும்.

இனி Stroke எல்லாவற்றையும் அணைத்துவிடுங்கள். நிழல் வேண்டுமென்றால் எல்லாப் பொருளுக்கும் ஒரே கோணத்தில் இப்போதே கொடுத்துவிடுங்கள், சேர்த்தபின் கொடுத்தால் ஓரத்தில் நிழல் வெட்டுப்பட்டு, எதிர் ஓரத்தில் தொடராமல் போகும். கோப்பை வேறு பெயரில் ஒரு பிரதி எடுத்துவைத்துக்கொண்டு, பொருள் லேயர்களை மட்டும் ஒன்றாகச் சேருங்கள், பின்னணியைச் சேர்க்க வேண்டாம். சேர்த்த லேயருக்கு Filter > Other > Offset. கிடைமட்டம் 1200, செங்குத்து 1200, கீழே Wrap Around தேர்வு. ஜிம்ப் பயன்படுத்துபவர்களுக்கு இது Layer > Transform > Offset. அங்கே லேயரின் அளவுக்குள்தான் சுற்றும் என்பதால், முதலில் Layer to Image Size கொடுத்து லேயரைக் கேன்வாஸ் அளவுக்கு ஆக்கிக்கொள்ள வேண்டும்.

இப்போது நடுவில் வெற்றிடம். இரண்டு சந்தும் வெட்டும் இடத்தில், சரியாக மையத்தில், இருப்பதிலேயே பெரிய பொருளை வையுங்கள். எனக்கு அது அகல் விளக்கு. பிறகு நான்கு கைகளிலும் பெரியவை, ஓரத்தைத் தொடாமல். புதிதாக வைப்பவற்றுக்கு மறுபடி Stroke வேலி. சேர்த்துவிட்ட பழைய லேயருக்கும் வேலி கொடுக்கலாம், ஒரே லேயர் என்றாலும் ஒவ்வொரு பொருளையும் சுற்றித்தான் வரும். கொட்டைப்பாக்கு, உதிரி மல்லிகைமொட்டு இவற்றை இன்னும் தொடாதீர்கள்.

பெரும்பாலானவர்கள் இங்கேயே முடித்துவிடுகிறார்கள். ஆனால் 1200, 1200 என்று குறுக்காக ஒருமுறை நகர்த்தினால் பழைய மூலைகள் மையத்துக்கு வந்துவிடும், பழைய ஓரங்களின் நடுப்புள்ளிகள் வராது. மேல் ஓரத்தின் நடுவில் இருந்த இடம் பக்க ஓரத்தின் நடுவுக்குப் போகும், பக்க ஓரத்தில் இருந்தது மேலே போகும். இரண்டுமே மறுபடி ஓரத்தில்தான் உட்கார்ந்திருக்கும். ஓரத்தைத் தொடாமல் பொருள் வைக்கிறோம் அல்லவா, அதனால் அந்த இரண்டு இடமும் கடைசிவரை காலியாகவே கிடக்கும். தாளில் ஒழுங்கான இடைவெளியில் வழுக்கை விழுந்ததுபோல் தெரிந்தால் காரணம் இதுதான்.

ஆகவே வேலிகளை அணைத்துவிட்டுப் புதியவற்றையும் சேர்த்தபின், கிடைமட்டம் 1200, செங்குத்து 0 என்று ஒருமுறை நகர்த்துங்கள். விடுபட்ட இடங்களில் ஒன்று மையத்துக்கு வரும். அங்கே ஒரு பெரிய பொருளோ நடுத்தரமோ எது பொருந்துகிறதோ அதை வைத்துச் சேருங்கள். பிறகு மறுபடி 1200, 1200. இப்போது மற்ற இடம் மையத்துக்கு வரும், அதையும் நிரப்புங்கள். நகர்த்துவது முழு பிக்சல் கணக்கில் என்பதால் எத்தனை முறை சுற்றினாலும் படம் மங்காது.

இதெல்லாம் முடிந்தபிறகுதான் சில்லறை. 80-ஐத் தாண்டி அகன்றிருக்கும் இடங்களில் மட்டும், முழுப் பரப்பிலும் பரவலாக. 700, 450 என்பதுபோல் ஏதாவது ஒரு ஒழுங்கில்லாத அளவுக்கு நகர்த்திக்கொண்டு செய்தால் நல்லது. பழைய இணைப்பு எங்கே இருந்தது என்பதே நமக்கு மறந்துவிடும், கை அந்த வழியிலேயே போகாது.

சோதிக்க, பின்னணியோடு Edit > Define Pattern கொடுத்து, 7200 × 7200 பிக்சல் கோப்பில் நிரப்பி, 12.5 சதவீதத்தில் வைத்து எழுந்து நாலு அடி தள்ளி நின்று கண்ணைச் சுருக்கிப் பாருங்கள். வெளிச்சமான கோடுகள் ஓடினால் சந்து இன்னும் இருக்கிறது. ஒரே இடத்தில் பொட்டு வைத்ததுபோல் தெரிந்தால் ஏதோ ஒரு நிறம் தூக்கலாக இருக்கிறது. எனக்கு எலுமிச்சை அப்படித்தான் குத்தியது. கட்டத்துக்கு ஒரே ஒரு மஞ்சள் என்றால் சுவர் முழுக்க மஞ்சள் புள்ளிக்கோலம்தான். மூன்று எலுமிச்சையாக்கி, எந்த இரண்டும் ஒரே வரிசையிலோ ஒரே நிரலிலோ வராமல் ஏறுமாறான முக்கோணமாக வைத்ததும் அடங்கிவிட்டது. 33 சதவீதம் போன்ற பெரிதாக்கத்தில் மயிரிழைக் கோடு தெரிந்தால் பதற வேண்டாம், 100 சதவீதத்தில் பாருங்கள். அங்கே இல்லையென்றால் அது திரையின் வேலை.

புதிய போட்டோஷாப்பில் View > Pattern Preview இருக்கிறதே, அது போதாதா என்று கேட்கலாம். சுற்றிலும் திரும்ப வருவதை நேரடியாகக் காட்டுவதால் சோதிக்க அருமையான வசதி, நானும் பயன்படுத்துகிறேன். ஆனால் அதில் எல்லாமே ஒரே நேரத்தில் தெரிவதால் ஓரத்து இடைவெளியைக் கண் மேம்போக்காகத் தாண்டிவிடுகிறது. மையத்துக்கு இழுத்து வைத்துப் பார்க்கும்போது தப்ப முடியாது.

கடைசியாக அச்சு. வால்பேப்பர் சுருளின் அகலம் பொதுவாக 53 செ.மீ. உங்கள் கட்டமும் சரியாக 53 செ.மீ. அகலத்திலோ அதைச் சமமாக வகுக்கும் அகலத்திலோ அச்சாக வேண்டும், இல்லையென்றால் பக்கத்துப் பட்டையோடு சேராது. 2400 பிக்சலை 53 செ.மீ.க்கு விரித்தால் அங்குலத்துக்கு சுமார் 115 பிக்சல், விளக்கு 11 செ.மீ. உயரத்துக்கு வரும். ஒரு மீட்டர் தள்ளி நின்று பார்க்கும் சுவருக்கு இது போதும். பட்டைகள் சேரும் கோடு கட்டத்தின் பக்க ஓரத்தில்தான் விழும், ஒட்டுபவர் எவ்வளவு கவனமாக இருந்தாலும் ஒரு மயிரிழை விலகலாம். அதனால் அனுப்பும் முன் கிடைமட்டமாக மட்டும் கடைசி ஆஃப்செட் ஒன்று போட்டு, அந்த ஓரம் விளக்குச் சுடரையோ முறுக்கின் சுழியையோ வெட்டாமல் வெற்றிலைகளையும் வெறும் பின்னணியையும் வெட்டும் இடமாகப் பார்த்து நிறுத்துங்கள். இலையில் அரை மில்லிமீட்டர் விலகினால் யாருக்கும் தெரியாது, முறுக்கில் விலகினால் தெரியும்.