கனவுக்குள் வந்த மகள்

மதிப்புக்குரிய ஐயா,

2009 ஏப்ரலில் நாங்கள் புதுமாத்தளனில் பங்கருக்குள் இருந்தோம். அப்போது எனக்குப் பதினான்கு வயது. இப்போது ரொறன்ரோவில் வசிக்கிறேன். முன்பெல்லாம் நடந்தது நடந்தபடியே கனவில் வரும். அண்மைக்காலமாக, நான் வேலை செய்யும் கடைக்கு மேலே கிபிர் குண்டுவீச்சு விமானம் சுற்றுகிறது. பங்கருக்குள் 2019இல் பிறந்த என் மகள் இருக்கிறாள். நடந்ததை நான் மறக்கத் தொடங்கிவிட்டேனா?

ஒரு வாசகி

அன்புள்ள தங்கைக்கு,

மறக்கவில்லை. கனவு தன் வழக்கமான வேலைக்குத் திரும்பத் தொடங்கியிருக்கிறது என்றே நினைக்கிறேன்.

சாதாரணக் கனவு எந்த நிகழ்வையும் முழுதாகத் திருப்பிக் காட்டுவதில்லை. நேற்றைய முகத்தையும் பழைய வீட்டையும் துண்டு துண்டாக எடுத்து ஒட்டுகிறது. ஆனால் முதலாம் உலகப்போரில் சிக்கியவர்களுக்குக் கனவில் ஒரே காட்சி திரும்பத் திரும்ப வந்தது, கனவு ஆசையின் நிறைவேற்றம் என்ற தம் கோட்பாட்டுக்குள் அடங்கவில்லை என்று பிராய்டே 1920இல் ஒப்புக்கொண்டார். விழிகள் அசையும் கனவுத் தூக்கத்தின்போது, உடலை உஷார்ப்படுத்தும் நொரட்ரினலின் மூளையில் மிகவும் குறைந்திருக்கும். பேரச்சத்துக்கு உள்ளானவர்களிடம் அது போதிய அளவு தணிவதில்லை, அதனால் நினைவு பழைய பதற்றத்தோடு அப்படியே நின்றுவிடுகிறது என்பது ஆய்வாளர்கள் முன்வைக்கும் ஒரு விளக்கம். ஷெல் விழும் கணத்தில் திடுக்கிட்டு விழித்துக்கொள்வதால் கனவுக்கும் முடிவு கிடைப்பதில்லை.

1995 அக்டோபர் யாழ்ப்பாண இடப்பெயர்வில் நாவற்குழிப் பாலத்தைக் கடந்த இரவு எனக்குக் கனவில் பல வருடங்கள் மாறாமல் வந்தது. பின்னர் ஒருநாள் அந்தச் சனத்துக்குள் என்னோடு வேலை செய்யும் ஒருவர் குடையோடு நின்றார். அவருக்கு யாழ்ப்பாணம் எங்கே என்றுகூடத் தெரியாது! உங்கள் மகளும் அப்படித்தான் வந்திருக்கிறாள். அன்று உங்களுக்காக இருந்த பயம், தாயான பிறகு அவளுக்கான பயத்தோடு கலந்துவிட்டது. கனவு கலந்துபோனதால் சாட்சியம் கெட்டுவிடாது. நடந்ததை விழித்திருக்கும் நேரத்தில், நாளும் இடமும் குறித்து, தனிக் கொப்பியில் எழுதி வையுங்கள்.

கனவு தூக்கத்தைக் கெடுத்தால் ஒரு பயிற்சி உண்டு. பாலியல் வன்முறையிலிருந்து மீண்ட பெண்களிடம் பாரி கிராகோ என்ற மருத்துவர் நடத்தி 2001இல் வெளியிட்ட ஆய்வில், அதனால் கொடுங்கனவுகள் குறைந்தன. பகலில் கனவை எழுதி, அதை நீங்கள் விரும்பியபடி மாற்றி, மாற்றிய வடிவத்தை மட்டும் தினமும் பத்து, இருபது நிமிடங்கள் மனக்கண்ணில் ஓட்டிப் பார்க்க வேண்டும். மாற்றம் நடந்ததைத் திருத்துவதாக இருக்க வேண்டியதில்லை. பங்கரின் வாசல் உங்கள் கடையின் பின்கதவாகத் திறந்தாலும் போதும். ஆனால் மிகக் கொடிய கனவை முதலில் எடுக்காதீர்கள், சிறியதில் தொடங்குங்கள். எழுதும்போதே உடல் நடுங்கினாலோ, இருக்கும் இடம் மறந்து அங்கேயே போய்விட்டதுபோல் தோன்றினாலோ உடனே நிறுத்திவிட்டு, இதில் பழகிய ஒரு மனநல மருத்துவரின் துணையோடு தொடருங்கள். எல்லோருக்கும் இது பலிப்பதில்லை. எனக்குப் பாதிதான் பலித்தது. நாவற்குழி இன்னும் வருகிறது, ஆனால் இப்போது நான் பாலத்தைக் கடந்துவிடுகிறேன்.