ஹெட்போனில் கேட்பவர்களும் அரங்கில் இருந்தால்: கேள்வி பதில்

பேச்சைக் கேட்டபடியே வேறு மொழியில் ஹெட்போனுக்குச் சொல்லும் மொழிபெயர்ப்புக் கூண்டில் பல வருடம் உட்கார்ந்தவள் என்ற முறையில் பதில் சொல்கிறேன்.

அக்கா, தமிழில் 20 நிமிடம் பேசுகிறேன். சிலர் ஹெட்போனில் ஆங்கிலத்தில் கேட்பார்கள். ஒவ்வொரு சொல்லாக நிறுத்தி மெதுவாகப் பேசினால் போதும்தானே?

வேகத்தைக் குறைப்பது சரி. சொல்லுக்குச் சொல் நிறுத்துவதுதான் தவறு. தமிழில் வினை கடைசியில் வருகிறது. "இந்த முறையை எல்லா இடத்திலும் உடனே..." என்று இழுத்தால், அடுத்து வருவது 'தொடங்கினோம்' என்பதா 'கைவிட்டோம்' என்பதா என்று தெரியாமல் கூண்டில் இருப்பவர் காத்துக்கிடப்பார். சின்ன வாக்கியமாக, இயல்பான ஓட்டத்தில் சொல்லி முடியுங்கள். முற்றுப்புள்ளியில் ஒரு மூச்சு விடுங்கள். அவர் உங்களுக்குச் சில விநாடி பின்னால்தான் வருவார். அந்த மூச்சில்தான் உங்களை எட்டிப்பிடிப்பார்.

பேசிக்கொண்டே அடுத்த ஸ்லைடுக்குப் போவது என் பழக்கம். மாற்றிக்கொள்ள வேண்டுமா?

கட்டாயம். ஒரு பேச்சாளர் நான்கு எண்களை ஒரே மூச்சில் சொன்னார். "3 கோடியே 40 லட்சம்" என்பதை 34 மில்லியன் ஆக்கிச் சொல்வதற்குள் இரண்டாவது எண் வந்துவிட்டது. திரையைப் பார்த்தேன், அதற்குள் ஸ்லைடு மாறியிருந்தது. கடைசி இரண்டையும் "கணிசமாக உயர்ந்தன" என்று சொல்லிச் சமாளித்தேன். அந்த எண்களுக்காகவே வந்தவர்களுக்கு அவை போய்ச் சேரவில்லை. இன்றும் அது எனக்கு வருத்தம்.

ஒரு ஸ்லைடில் ஓரிரு எண் போதும். அவற்றை இலக்கத்தில் பெரிதாகப் போடுங்கள். சொல்லி முடித்ததும் மூன்று விநாடி கையைப் பொத்தானிலிருந்து எடுத்துவிடுங்கள். ஹெட்போன் போட்டவர்கள் திரையில் எதையோ தேடுவதுபோல் கண்ணை ஓட்டினால், நீங்கள் முந்திவிட்டீர்கள் என்று அர்த்தம்.

எனக்குக் கூண்டெல்லாம் இல்லை. ஒருவர் பக்கத்தில் நின்று, நான் நிறுத்தும்போது சொல்வார். 30 நிமிடம் கொடுத்திருக்கிறார்கள்.

அது வேறு கணக்கு. உங்கள் பேச்சு 14 நிமிடம்தான், மீதி அவருடையது. வேகமாகப் பேசி ஈடுகட்ட முடியாது, பாதி ஸ்லைடுகளை எடுத்துவிடுங்கள். இரண்டு மூன்று வாக்கியத்துக்கு ஒருமுறை, ஒரு கருத்து முடிந்த இடத்தில் நிறுத்துங்கள்.

ஸ்லைடையே இரண்டு மொழியிலும் போட்டால் மொழிபெயர்ப்பாளரே வேண்டாமே?

நீங்கள் பேசுவது முழுவதும் ஸ்லைடில் இருக்காதே, தம்பி. தலைப்பையும் படத்தின் பெயர்களையும் இரு மொழியில் போடலாம். முழு வரிகளைப் போட்டால் திரை நிரம்பி, படிப்பதா கேட்பதா என்று திணறுவார்கள் என்பது என் எண்ணம். காது கொஞ்சம் மந்தமானவர்களுக்கு அதுதான் உதவும் என்று என்னோடு கூண்டில் இருந்தவரே வாதாடுவார். அதையும் தள்ள முடியவில்லை.

ஸ்லைடை எப்போது அனுப்புவது?

இரண்டு மூன்று நாள் முன்னால், முடியாத வரைவாக இருந்தாலும் சரி. ஆட்கள், இடங்களின் பெயர்களையும் சுருக்கப் பெயர்களையும் தனியாக எழுதி வையுங்கள். காணொளி இருந்தால் அதில் பேசுவதையும் எழுதிக் கொடுங்கள். பேசும் நாள் காலையில் ஸ்லைடில் ஓர் எண்ணை மாற்றினால் கூண்டுக்கு நேரில் போய்ச் சொல்லுங்கள். மைக்கில் வராத எதுவும் எங்களுக்குக் கேட்காது. அரங்கிலிருந்து யாராவது மைக் இல்லாமல் கேள்வி கேட்டால், பதிலுக்கு முன் அதை நீங்களே ஒருமுறை மைக்கில் சொல்லிவிடுங்கள்.